அலுமாரியில் இருந்த ஸ்பிளிட்டர்

இதை எழுதுவதற்கென்று ஒரு கொப்பி வாங்கி நாலு வருடமாகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கொடியேற்றம் கிட்ட வரும்போது அதை எடுப்பேன், பேனையைத் திறப்பேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன் எழுதுவதில் பிழை வரும் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையான பயம் வேறு. சித்தப்பா உயிரோடு இருந்தார். அவருக்கு யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். போன மாசியில் அவரும் போய்விட்டார். இனிச் சாக்குச் சொல்ல ஆளில்லை.

நான் புத்தூர்ப் பக்கத்தில் வெங்காயமும் மரவள்ளியும் செய்கிறவன். கைவேலையாக வீட்டு வயரிங்கும் செய்வேன். எங்கள் அம்மன் கோயிலில் ஒலிபெருக்கிக்கும் வெளிச்சத்துக்கும் வயர் இழுக்கும் வேலை பத்துப் பதினைந்து வருடமாக என்னுடையது. கூலி வாங்கியதில்லை. கேட்டு வாங்கியதெல்லாம் ஒன்றுதான்: கொடியேற்றம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் தொண்டு செய்தவர்களின் பெயரை வாசிப்பார்கள், அதில் என் பெயரும் வரும். அந்த ஒரு வரிக்காக நான் வருடம் முழுவதும் காத்திருப்பேன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அம்மாளாச்சிக்குத் தெரிந்திருக்கும்.

கோயிலுக்கு எதிரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் எங்கள் வாசிகசாலை இருக்கிறது. செத்தவீட்டுத் தீட்டால் கோயிலுக்குள் போகக்கூடாத துடக்குக்காரர், நடக்க ஏலாதவர்கள், சனநெரிசலுக்குள் போக முடியாதவர்கள் எல்லோரும் அங்கிருந்து கொடியேற்றத்தைப் பார்க்கட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். கோயிலுக்குள் கொடிமரத்தடியில் ஒரு கமரா, வாசிகசாலையில் ஒரு ரிவி. சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் அவ்வளவு தூரம் படத்தைக் கொண்டுபோகாது. அதனால் இரண்டு முனையிலும் இரண்டு சின்னப் பெட்டி வைத்து, நடுவில் இணையத்துக்குப் போடும் வயரை ஒழுங்கைக்கு மேலால் இழுத்தேன். மூன்று வருடம் படம் ஒரு தடவைகூட நின்றதில்லை.

நாலாம் வருடம் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கோயிலுக்குப் பெரிய ரிவி ஒன்று அனுப்பினார். அதை உள்ளே தெற்கு மண்டபத்தில் கொழுவ வேண்டும் என்றார் கோயில் தலைவர். அங்கே இருக்கிறவர்களுக்குத் தூண் மறைக்கும், கொடிமரம் தெரியாது. ஆக ஒரு கமரா, இரண்டு ரிவி.

கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்தார். "என்ன செய்யவேணும்? இன்னொரு கமரா வேண்டவேணுமோ?"

"தேவையில்லை. ஒரு ஸ்பிளிட்டர் போட்டால் காணும், அது போதும்" என்றேன்.

அப்போதுதான் என் சகலன் வாய் திறந்தார். சகலன் என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். உடுப்பிட்டிக்காரர். பட்டப்படிப்புப் படித்து, ஒரு கந்தோரில் கணினி வேலை செய்கிறார். எங்கள் ஊருக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"சுவிட்ச் போட்டால் என்னண்ணை? வாற வருஷம் ரண்டு கமரா வந்தாலும் உதவுமெல்லே."

"தம்பி, அது வேறை, இது வேறை" என்றேன். தோட்டக்காரர்கள் நிறைந்த கூட்டம், அதனால் தோட்டத்தை வைத்தே சொன்னேன். "சுவிட்ச் எண்டால் வாய்க்கால் மடை மாதிரி. நாலு பக்கத்தாலை தண்ணி வந்தாலும் எதை உள்ளுக்கு விடுறதெண்டு நீ தெரிஞ்சு ஒண்டைத்தான் திறப்பாய், மற்றதுகள் அடைபட்டிருக்கும். ஸ்பிளிட்டர் எண்டால் தூவிற குழாய். ஒரு தண்ணிதான், எல்லாப் பக்கமும் ஒரே நேரம் விழும். எங்களுக்கு ஒரு படம், ரண்டு இடம். ஸ்பிளிட்டர்தான்."

"அண்ணை நல்லாத்தான் விளங்கப்படுத்திறார்" என்று சகலன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கேலியில்லை அது, இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது சுட்டது. இரண்டு வருடமாகச் சுட்டுக்கொண்டிருந்ததன் மேல் இதுவும் ஒன்று.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த நாளிலிருந்து மாமி வீட்டில் என் கதிரையில் அவர் இருந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை, என்னை எழும்பச் சொல்லவுமில்லை, ஆனாலும் நான் போகும்போது அவர் அதில் இருப்பார். மாமியின் கைபேசியில் படம் வராவிட்டால் முன்பு எனக்குச் சொல்லி அனுப்புவா. இப்போது "சின்ன மருமோன் ஒரு நிமிசத்திலை சரிப்படுத்திப் போட்டார்" என்பா. நான் அரை நாள் எடுத்ததை அவ சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்வேன். அவர் கோயிலுக்கு வேட்டி கட்டி வந்தால் அது கசங்காது. என்னுடையது வாசலுக்கு வருமுன்னே கசங்கிவிடும். அவர் தேவாரம் பாடினால் ஐயர் திரும்பிப் பார்ப்பார். விபூதி பூசிக்கொண்டு சாமிக்கு முன்னால் நிற்கிறபோதுகூட என் கண் பக்கவாட்டில் அவரைத்தான் பார்த்தது. இதையெல்லாம் கும்பிடுகிற மனிதன் நினைக்கலாமா என்று கேட்டால், கூடாது. நினைத்தேன்.

கூட்டம் முடிந்த கிழமையே நான் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் ஸ்பிளிட்டரை வாங்கி வந்தேன். ஒரு பக்கம் ஒரு துளை, மறு பக்கம் இரண்டு துளை, தனியாக ஒரு அடப்டர். அந்த அடப்டரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு படத்தை இரண்டாக்கி இரண்டு ரிவிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் பெட்டிக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். இதை நான் பட்டு அறிந்தவன். முன்னொரு முறை வீட்டில் ஹோலுக்கும் குசினிக்கும் ஒரே படத்தைக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். அதிலும் ஒன்று, இரண்டு என்று துளை இருந்தது. வெளியே 'இரு வழி' என்று எழுதியிருந்தது. அடப்டர் இல்லை, மேலே ஒரு பொத்தான் மட்டும். ஹோலில் படம் வந்தால் குசினியில் வராது, பொத்தானை அமத்தினால் குசினியில் வரும், ஹோலில் போய்விடும். பார்வைக்கு ஸ்பிளிட்டர், வேலையில் சுவிட்ச். மூன்று நாள் மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

கோயிலுக்கு வாங்கிய ஸ்பிளிட்டரைப் பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன். கொடியேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சின்னம்மா செத்துப்போனா.

சின்னம்மா என் சித்தப்பாவின் மனைவி. பிள்ளைகள் இல்லை அவர்களுக்கு. எங்கள் வளவுக்குள்ளேதான் இருவரும் இருந்தார்கள். சாகும்போது அவவுக்கு எழுபதுக்கு மேல். கொடி ஏறுவதைக் கண்ணால் கண்டபிறகுதான் அன்றைக்கு வாயில் தண்ணீர் வைப்பா. கல்யாணம் முடித்து வந்த வருடத்திலிருந்து அப்படி. சித்தப்பா கொடிமரத்தடியில் ஆண்கள் பக்கம், அவ பெண்கள் பக்கம். கொடி மேலே போய் நின்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். நான் கமராவுக்குப் பின்னால் நிற்பவன், அதனால் கண்டிருக்கிறேன்.

முப்பத்தொரு நாள் துடக்கு. சித்தப்பாவுக்கு, எனக்கு, என் வீட்டுக்கு. யாரும் கோயில் வாசல் மிதிக்க முடியாது. சகலன் மனைவி வழிச் சொந்தம், அவருக்குத் துடக்கில்லை.

எட்டாம் நாள் சடங்குக்கு அடுத்த நாள் தலைவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, படலையடியில் நின்று கதைத்தார்.

"உன்ரை நிலைமை இப்பிடி. இந்த வருஷம் உன்ரை சகலனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறம். அவருக்கும் உது விளங்கும்தானே."

"ஓம், விளங்கும்" என்றேன். என் பெயர் வாசிக்கிற இடத்தில் அவர் பெயர் வரும் என்பது அப்போதே என் காதில் கேட்டுவிட்டது. ஒலிபெருக்கியின் குரல்கூடக் கேட்டது. செத்த வீட்டில் நின்றுகொண்டு அதை நினைத்தேன்.

அன்றைக்குப் பின்நேரமே சகலனும் வந்தார். அவரும் படலைக்கு வெளியேதான் நின்றார்.

"அண்ணை, நீங்கள் வேண்டின ஸ்பிளிட்டர் இருக்குதெல்லே. தாங்கோவன், நான் வயரிலை பூட்டிவிடுறன்."

அப்போது என் வாயில் வந்தது என்னை இன்றைக்கும் திடுக்கிட வைக்கிறது. யோசிக்கவே இல்லை, தயாராக இருந்ததுபோல வந்தது.

"துடக்கு வீட்டுச் சாமான் தம்பி. கொடியேத்தத்துக்கு எப்பிடி அதைக் கோயிலுக்குள்ளை விடுறது?"

"ஐயரைக் கேட்டுப் பார்ப்பமே?"

"உதுக்கெல்லாம் ஐயரைக் கரைச்சல்படுத்தவேணுமோ. ஆசாரமெண்டு ஒண்டு இருக்குதெல்லே."

"அதுவும் சரிதான்" என்று அவர் போய்விட்டார். ஊருக்குப் புதியவர், ஆசாரத்தில் என்னோடு வாதாட அவருக்கு மனம் வரவில்லை. நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது. துடக்கு வீட்டில் மூடி வைத்திருக்கும் சாமிப்படத்துக்குக் கீழே.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றா. "இஞ்சேருங்கோ, உதைக் குடுத்திருக்கலாமே? பிரிக்காத பெட்டி."

"உனக்குத் தெரியாது" என்றேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்நேரம் நான் வாசிகசாலையில் இருந்தேன். பழைய ரிவியைத் துடைத்து, வயரின் இந்த முனைப் பெட்டியைப் பூட்டிவிடுவது நான் செய்யக்கூடிய வேலை. சகலன் மோட்டார் சைக்கிளில் வந்து ஒழுங்கையில் நிறுத்தினார். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"கடையிலை கேட்டன் அண்ணை. ஸ்பிளிட்டரும் இதுதான், சுவிட்சும் இதுதானாம். இப்ப ஒரு கமரா, ரண்டு ரிவி. வாற வருஷம் ரண்டு கமரா வந்தால் இதையே திருப்பிப் போடலாமாம். பாருங்கோவன்."

பார்த்தேன். அடப்டர் இல்லை. மேலே பொத்தான். வெளியே 'இரு வழி'.

"பொத்தான் என்னத்துக்காம்?" என்று கேட்டேன். தெரியாதவன்போலக் கேட்டேன்.

"படம் வராட்டி ஒருக்கா அமத்தட்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். அவருக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயிலுக்கு நேரே போகாமல் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்க மாட்டார்.

"சரி தம்பி. பூட்டிப் பாருங்கோ" என்றேன்.

அரை மணித்தியாலத்தில் கைபேசி அடித்தது. "அண்ணை, மண்டபத்து ரிவி நல்லா வருது. உங்கை வருதே?"

"இல்லை."

"நில்லுங்கோ, பொத்தானை அமத்திறன். இப்ப?"

கொடிமரம் திரையில் வந்தது. மாவிலைத் தோரணம், கீழே அரைவாசிக் கோலம். "ஓம், வருது" என்றேன்.

"அப்பாடா. ரண்டும் சரி. பெரிய உபகாரம் அண்ணை."

அவர் வைத்துவிட்டார். நான் ரிவிக்கு முன்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. மண்டபத்துக்குப் போய் அங்கே படம் இல்லாததைக் கண்டு திரும்ப அமத்தியிருப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒவ்வொன்றும் வந்தது, எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார். இரண்டு ரிவியையும் ஒரே நேரத்தில் பார்க்க ஒரு ஆளால் முடியாது, ஒன்று கோயிலுக்குள், ஒன்று ஒழுங்கைக்கு இந்தப் பக்கம். அந்த இரண்டாவது கண் நான்தான். கைபேசி என் கையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ரிவியை நிற்பாட்டி, கதவைப் பூட்டி, வீட்டுக்குப் போனேன்.

என் மனதில் இருந்த கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். காலையில் வாசிகசாலையில் படம் இல்லை என்று நான் சொன்னால் சகலன் இந்தப் பக்கம் அமத்திவிடுவார். சித்தப்பா பார்ப்பார், மற்றத் துடக்குக்காரரும் பார்ப்பார்கள். உள்ளே மண்டபத்துப் புது ரிவி கறுப்பாக நிற்கும். அதற்கு முன்னால் தலைவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். எல்லோரும் சகலனைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் ஒழுங்கையைக் கடந்து என்னிடம் ஓடி வருவார். ஒருவருக்கும் தரிசனம் கெடாது, அவருடைய மரியாதை மட்டும் கெடும். அதில் பாவம் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன்.

சித்தப்பா விடியவே குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்து வாசிகசாலையில் முன்வரிசையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

"அவள் பார்க்கிற வரைக்கும் குடிக்க மாட்டாளெல்லே, மோனை. இந்த முறை அவளுக்கும் சேர்த்து நான்தான் பார்க்கவேணும்."

"படம் வரும் சித்தப்பா" என்றேன்.

திரை கறுப்பாக இருந்தது. சகலனுக்கு எடுத்தேன். "இங்கை இல்லைத் தம்பி." அவர் அமத்தினார், வந்தது. "இப்ப வந்திட்டுது" என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

கொடிமரத்துக்கு அபிஷேகம் நடந்தது. பால், இளநீர், சந்தனம். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் கை கூப்பினார். பக்கத்தில் இருந்தவருக்கு "இப்ப தர்ப்பை கட்டுவினம், இனிக் கொடிச்சீலை" என்று விளங்கப்படுத்தினார், தான் உள்ளே நிற்கிறவர்போல. அவர் முகம் அந்தப் பன்னிரண்டு நாளில் முதல்முதலாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் ரிவியைப் பார்க்கவில்லை. கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைத் தேடி ஆள் எப்போது ஓடி வரும் என்று.

கொடிச்சீலையைக் கயிற்றில் கட்டினார்கள். மேளம் கடுகதியில் ஏறியது. ஐயர் கயிற்றில் கை வைத்தார்.

திரை கறுத்தது.

உள்ளே நடந்ததைப் பிறகு அறிந்தேன். தலைவர் கொடி ஏறப்போகிற நேரம்தான் விருந்தாளிகளை மண்டபத்துக்குக் கூட்டிவந்து ரிவியைப் போட்டிருக்கிறார். படம் இல்லை. சகலனைப் பார்த்துக் கை காட்டியிருக்கிறார். சகலன் குனிந்து பொத்தானை அமத்தியிருக்கிறார். கடையில் சொன்னது அதுதானே. மண்டபத்தில் படம் வந்தது. வாசிகசாலையில் நின்றதை அவர் எப்படிக் காண்பார்?

நான் கைபேசியை எடுத்தேன். மணி, மேளம், நாதஸ்வரம், அந்தச் சத்தத்துக்குள் அவருக்குக் கேட்காது. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒழுங்கையைக் கடந்து வாசல்வரை ஓடினேன். வாசலில் நின்றேன். உள்ளே ஐம்பது அடி போனால் தூணடியில் அந்தப் பெட்டி. ஒரு விரலால் அமத்தினால் போதும். துடக்குக்காரன் உள்ளே கால் வைக்க முடியாது. சாமானுக்குத் துடக்குச் சொன்னேனே, இப்போது அது என் காலைப் பிடித்துக்கொண்டது. ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. "தம்பி, தம்பி" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அரோகரா" என்று சனம் முழுக்க எழுப்பிய சத்தம் வந்தது. கொடி ஏறிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். வாசிகசாலைக் கதவுக்குள்ளால் சித்தப்பா தெரிந்தார். எழும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் கறுப்புத் திரை. அதில் அவருடைய வெள்ளை வேட்டி மங்கலாகத் தெரிந்தது, வேறொன்றும் இல்லை.

நான் கிட்டப் போனேன். அவர் கையை இறக்கினார்.

"சத்தம் கேட்டது தானே மோனை. காணும்."

யாரோ கைபேசியில் பிடித்த காட்சியைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டினார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது முடிஞ்சது. ஏறேக்கை பார்க்கிறதுதான் அவள் பார்க்கிறது." அன்றைக்கு முழுவதும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில்தான் என் மனைவி கெஞ்சிக் குடிக்க வைத்தா.

பூசை முடிந்து ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசித்தார்கள். சகலனின் பெயர் வந்தது. அது வரக்கூடாதென்றுதான் நான் இவ்வளவும் செய்தேன், வந்தபோது என் காதில் அது ஒட்டவில்லை.

மத்தியானம் தலைவரும் சகலனும் வாசிகசாலை வாசலுக்கு வந்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்திருந்தது.

"துடக்குக்காரருக்கெண்டு போட்ட ரிவியிலை கொடி ஏறேக்கை படம் இல்லையாம். என்ன வேலை இது? படிச்ச ஆளெண்டுதானே தந்தனாங்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ நிண்டிருந்தால் இப்பிடி நடந்திராது."

நான் கேட்க ஆசைப்பட்ட வசனம். சொல்லுக்குச் சொல் அதேதான். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். சகலன் சித்தப்பாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார். "என்ரை பிழை ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." சித்தப்பா அவர் தோளைத் தொட்டார். அந்த நேரத்திலாவது நான் வாய் திறந்திருக்கலாம். அலுமாரியைப் பற்றி, பொத்தானைப் பற்றி, முதல் நாள் கறுத்த திரையைப் பற்றி. திறக்கவில்லை.

எல்லோரும் போனபிறகு சகலனை மட்டும் நில்லுங்கோ என்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்பிளிட்டரைக் கொண்டுவந்து ஒழுங்கை மதிலில் வைத்தேன்.

"ஐயரைக் கேட்டுப்போட்டு இதைப் பூட்டுங்கோ. பழைய ரிவி காட்டக்கூடிய அளவுக்குக் கமராவின்ரை படத் துல்லியத்தைக் குறைச்சு வையுங்கோ. அடப்டரை முதல் குடுங்கோ."

அவர் பெட்டியை எடுத்துப் பார்த்தார். அடப்டரைப் பார்த்தார். தன் சேர்ட்டுப் பையில் இருந்த சின்னப் பெட்டியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். கணினி படித்தவர், விளங்க நேரம் எடுக்கவில்லை.

"நேற்று நான் காட்டேக்கை உங்களுக்குத் தெரியும், என்னண்ணை?"

"தெரியும்."

"பின்நேரம் இங்கை படம் நிண்டதும்?"

"தெரியும்."

அவர் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ரண்டு தரம் உங்களிட்டைக் கேட்டனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

பின்நேரம் அவர் கைபேசியில் எடுத்து, "ரண்டும் ஒரே நேரம் வருது. ஐயர் மஞ்சள் தண்ணி தெளிச்சு எடுத்தவர். பிரிக்காத பெட்டிக்கு என்ன துடக்கு, முந்தியே கேட்டிருக்கலாமே எண்டு சொன்னவர்" என்று மட்டும் சொல்லி வைத்தார். மற்ற ஒன்பது நாளும் தேர்வரை, தீர்த்தம்வரை இரண்டு திரையிலும் படம் ஓடியது. சித்தப்பா வாசிகசாலைப் பக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் தலைவர் வேலையை என்னிடமே தந்தார். சகலன் அதற்குப் பிறகு கோயில் வயர் எதையும் தொட்டதில்லை. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவுமில்லை, தன் மனைவிக்குக்கூட. என்னைக் கண்டால் "வாங்கோ அண்ணை" என்று கதிரையை விட்டு எழும்புகிறார். நான் அதில் இருக்கிறேன். என் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள். அவர் கூட்டத்துக்குள் நின்று கேட்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயற்சிக்கிறேன், கண் அங்கேதான் போகிறது.

சித்தப்பா பிறகு மூன்று கொடியேற்றம் கொடிமரத்தடியில் நின்று பார்த்தார். என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தடவை கதைத்தார். "அந்த முறை நீ உள்ளுக்கு நிண்டிருந்தால் அவளுக்குக் காட்டியிருப்பாய்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடுதான் அவர் போனார்.

எங்கள் ஊரில் இன்றைக்கும் கொடியேற்றம் வந்தால் இந்தக் கதையைச் சொல்வார்கள்: படித்த மனிதர் பிழையான பெட்டியைப் பூட்டி, துடக்குக்காரருக்குக் கொடி காட்டாமல் விட்டார் என்று. இளைஞர்கள் சகலனுக்கு 'இரு வழி' என்று பட்டமும் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதினேன். இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். துக்கத்தில் மறந்திருப்பான், ஆசாரத்துக்குப் பயந்திருப்பான் என்று எனக்காக ஒரு சொல் சேர்க்க வேண்டாம். அவர் அறியாமல் பூட்டினார், நான் அறிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வரியையும் இடம் மாற்றாமல் கொண்டுபோங்கள். அம்மாளாச்சிக்கு முன்னால் இதை நான் ஒவ்வொரு வெள்ளியும் சொல்கிறேன். அவளுக்குத் தெரிந்ததை ஊருக்கும் தெரியப்படுத்த எனக்கு இத்தனை வருடம் எடுத்தது.